55 இன்ச் டி.வி வாங்கியாச்சு... எவ்வளவு தூரத்தில் உட்காருவது, எவ்வளவு உயரத்தில் மாட்டுவது?

அபிராமபுரத்தில், செயின்ட் மேரீஸ் ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் தெரு ஒன்றில் 1990-களில் கட்டிய அடுக்குமாடி வீடு. ஹாலில் 55 இன்ச் டி.வி. இரண்டு தீபாவளிக்கு முன்னால் வாங்கியது. படம் அருமை, சத்தம் அருமை. ஆனால், வீட்டில் ஆளுக்கு ஒரு குறை. மாமிக்கு ஒரு கச்சேரி முழுதாகப் பார்த்து எழுந்தால் பின்கழுத்து பிடித்துக்கொள்கிறது; கண் வேறு உறுத்துகிறது. பாயில் உட்கார்ந்து கார்ட்டூன் பார்க்கும் பேரன் பத்தே நிமிடத்தில் மல்லாக்கப் படுத்துவிடுகிறான். மாமாவுக்கோ, சேனல் படம் மட்டும் பழைய 32 இன்ச்சில் இருந்த அளவுக்குத் தெளிவாக இல்லை என்று வருத்தம்.

"டி.வி-யை மாத்திடலாமான்னு மாமா கேட்கறார்" என்றார் மாமி. டி.வி-யில் கோளாறு எதுவும் இல்லை. கீழ் விளிம்பு தரையிலிருந்து சரியாக நான்கடியில் இருந்தது. அதுதான் கோளாறு.

டேப்பை எடுத்து அந்த ஹாலை அளந்தோம். உங்கள் வீட்டிலும் இதே கணக்கைப் போடலாம் என்பதால், அளவுகளை அப்படியே தருகிறேன்.

11 அடி ஹால், 11 அடி தூரம் அல்ல

ஹாலின் அகலம் 11 அடி, அதாவது 335 செ.மீ. ஒரு சுவரில் டி.வி, எதிர்ச் சுவரை ஒட்டி சோபா. "பதினோரு அடி தள்ளி உட்கார்ந்துதானே பார்க்கிறோம்?" என்பது மாமாவின் கேள்வி. இல்லை. சோபாவின் முதுகுக் கட்டை, மெத்தை எல்லாம் சேர்ந்து கண்ணைச் சுவரிலிருந்து சுமார் 60 செ.மீ முன்னால் கொண்டுவந்துவிடுகின்றன. டி.வி-யும் பிராக்கெட்டும் எதிர்ப்பக்கத்தில் ஒரு 10 செ.மீ எடுத்துக்கொள்கின்றன. மிச்சம் 265 செ.மீ. கிட்டத்தட்ட எட்டே முக்கால் அடி. அளக்க வேண்டியது சுவரிலிருந்து சுவருக்கு அல்ல, கண்ணிலிருந்து திரைக்கு. பலர் கடையில் சொல்லும் அளவு முதல் வகைதான். விற்பனையாளரும் அதை வைத்தே அளவைப் பரிந்துரைத்துவிடுகிறார்.

அட்டைப்பெட்டியில் இன்ச்சோடு சென்டிமீட்டரும் போட்டிருப்பார்கள். அது திரையின் மூலைக்கு மூலை அளவு. 55 இன்ச் என்றால் ஏறக்குறைய 140 செ.மீ. திரையின் அகலம் 122 செ.மீ, உயரம் 69 செ.மீ. அந்தச் சென்டிமீட்டரை 1.6-ஆல் பெருக்கினால் வருவது, படம் கண் முன்னால் 30 டிகிரி அகலத்துக்கு விரிகிற தூரம். சினிமா, டி.வி பொறியாளர்கள் நெடுங்காலமாகப் பின்பற்றும் அளவு இது. 43 இன்ச்சுக்கு இது ஐந்தே முக்கால் அடி. 55-க்கு ஏழேகால் அடிக்குக் கொஞ்சம் மேல். 65-க்கு எட்டே முக்கால் அடி. சினிமாவுக்கென்றே தனி அறை வைத்திருப்பவர்கள் இன்னும் கிட்டே போய், 1.2 மடங்கில் உட்காருவார்கள். பெரும்பாலும் செய்தியும் சீரியலும் ஓடும் ஹாலுக்கு அவ்வளவு வேண்டாம்.

டிகிரி என்றதும் பயப்பட வேண்டாம். கையை முழுதாக நீட்டி, முஷ்டியை மடக்கி, ஒரு கண்ணால் பாருங்கள். அந்த முஷ்டியின் அகலம் சுமார் 10 டிகிரி. குழந்தைக்குக் கை சிறியது, முஷ்டியும் சிறியது என்பதால் கணக்கு ஏறக்குறைய எல்லோருக்கும் ஒத்துவரும். உங்கள் சோபாவிலிருந்து திரை மூன்று முஷ்டி அகலம் இருந்தால் சினிமாவுக்குக் கச்சிதம். இரண்டுக்கும் குறைவாக இருந்தால் ஸ்கோர்கார்டின் சின்ன எழுத்தைப் படிக்கக் கண்ணைச் சுருக்க வேண்டியிருக்கும். மாமி வீட்டில் இரண்டரை முஷ்டி. 65 இன்ச்சுக்கும் இடம் இருக்கிறதுதான். ஆனால், மாமாவின் குறையைப் பார்த்தால் 55-லேயே நின்றது நல்லதாகப் போயிற்று.

சேனல் ஏன் மங்கலாகத் தெரிகிறது?

சென்னையில் தூர்தர்ஷன் தொடங்கியது 1975-ல். சாலிடேர், டயனோரா என்று நம் ஊர்ப் பெயர்கள் கூடத்தை ஆண்ட காலமும் அதன் பிறகு வந்தது. அப்போதைய 20 இன்ச் பெட்டியில் படத்தின் உயரம் சரியாக ஓர் அடி. அன்றைய ஒளிபரப்பின் கோடுகள் தனித்தனியாகத் தெரியாமல் இருக்க, படத்தின் உயரத்தைப் போல ஆறு மடங்கு தள்ளி உட்கார வேண்டும். ஆறு அடி. "ஆறடி தள்ளி உட்காரு" என்று தாத்தாக்கள் சொன்னது அறிவியல்படியும் சரியாகவே இருந்திருக்கிறது!

எஸ்.டி எனப்படும் சாதாரண சேனலின் படம் இன்றும் அதே கோடுகளின் எண்ணிக்கையில்தான் வருகிறது. ஆனால், அது இப்போது 69 செ.மீ உயரத் திரையில் விரிகிறது. ஆறு மடங்கு என்றால் 414 செ.மீ, பதின்மூன்றரை அடி. அபிராமபுரம் ஃபிளாட்டில் அவ்வளவு தள்ளி உட்கார்ந்தால் பக்கத்து வீட்டு ஹாலில்தான் இருப்போம். 32 இன்ச்சில் அதே எட்டே முக்கால் அடியிலிருந்து பார்த்தபோது ஆறரை மடங்கு தூரம் இருந்தது. அதனால் மங்கல் தெரியவில்லை. புது டி.வி மோசமில்லை; அது பழைய படத்தின் குறையைப் பெரிதாக்கிக் காட்டுகிறது, அவ்வளவுதான்.

ஹெச்.டி படத்துக்குத் திரையின் உயரத்தைப் போல மூன்று மடங்கு போதும். 55 இன்ச்சுக்கு ஏழடிக்குள். ஆகவே மாமாவுக்கு வேண்டியது வேறு டி.வி இல்லை, அவர் பார்க்கும் சேனல்களின் ஹெச்.டி வடிவம். செட்-டாப் பாக்ஸும் ஹெச்.டி பாக்ஸாக இருக்க வேண்டும், அதிலிருந்து டி.வி-க்கு வரும் கேபிள் மஞ்சள்-சிவப்பு-வெள்ளை முனை கொண்ட பழைய கேபிளாக இல்லாமல் HDMI கேபிளாக இருக்க வேண்டும். இந்த வீட்டில் பாக்ஸ் ஹெச்.டி, கேபிள் மட்டும் பழையது. மாற்றியதும் மாமா ஐந்து நிமிடம் எதுவும் பேசாமல் செய்தி பார்த்தார்.

4கே? அதன் கூடுதல் நுணுக்கத்தைக் கண் முழுதாகப் பிரித்தறிய, திரையின் உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரத்துக்கு வர வேண்டும். 55 இன்ச்சில் அது மூன்றரை அடிக்குக் கொஞ்சம் கீழே. யாரும் அப்படி உட்காரப் போவதில்லை. எட்டே முக்கால் அடியில் நல்ல ஹெச்.டி-க்கும் 4கே-வுக்கும் கூர்மையில் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். நிறமும் வெளிச்சமும் நன்றாக இருப்பது வேறு காரணங்களால். 4கே என்பதற்காகவே சோபாவை முன்னால் இழுக்க வேண்டாம்.

கிட்டே உட்கார்ந்தால் கண் கெடும் என்பது பற்றி ஒரு வார்த்தை. அந்தப் பயத்துக்கு ஒரு கதை உண்டு. 1967-ல் அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் சில கலர் டி.வி-க்களிலிருந்து அளவுக்கு மீறி எக்ஸ்-ரே கசிந்தது தெரிந்து, அவற்றைத் திரும்பப் பெற்றார்கள். படக்குழாய் இல்லாத இன்றைய டி.வி-க்களில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. கிட்டே உட்கார்ந்தால் கண் சோர்வடையலாம், கெட்டுப்போகாது. ஆனால், எங்கே உட்காரவைத்தாலும் குழந்தை திரையை நோக்கி நகர்ந்துகொண்டே போனால், கண் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். தூரப்பார்வை குறைந்திருப்பதன் முதல் அறிகுறியாக அது இருக்கலாம்.

நான்கடியில் மாட்டியது யார்?

இனி உயரம். உண்மையான சிக்கல் இதில்தான்.

டி.வி-யை மாட்ட வந்த தம்பி, "எவ்ளோ ஹைட்ல வைக்கணும்மா?" என்று கேட்டிருக்கிறார். மாமி, "நீங்க வழக்கமா எப்படி வைப்பீங்களோ அப்படியே வைங்கப்பா" என்று சொல்லியிருக்கிறார். அந்தத் தம்பி சுவரைப் பார்த்தார். பில்டர் வைத்த சுவிட்ச் போர்டு தரையிலிருந்து நான்கடிக்கு இருந்தது. அதை மறைக்கிற மாதிரி, அதற்கு நேர் மேலே அளவெடுத்துத் துளை போட்டுவிட்டார். பெரும்பாலான வீடுகளில் டி.வி-யின் உயரத்தை முடிவு செய்வது இப்படி ஒரு சுவிட்ச் போர்டோ, ஷோகேஸின் மேல்பலகையோதான். நிற்கும்போது கண்ணுக்கு நேராக இருப்பதால் மாட்டும் அன்றைக்கு அழகாகவே தெரியும். நின்றுகொண்டு யார் டி.வி பார்க்கிறார்கள்?

உட்கார்ந்தவரின் கண் எங்கே இருக்கிறது என்று அளந்தோம். இதில் ஒரு சின்ன விஷயம்: உட்கார்ந்தவுடன் அளக்கக் கூடாது. பத்து நிமிடம் போகட்டும். மெத்தை அமுங்கி, முதுகு சரிந்து, கண் நாலைந்து சென்டிமீட்டர் இறங்கிவிடும். அந்த நிலைதான் நிஜம். இன்னொருவர் தரையிலிருந்து கண் வரை டேப்பைப் பிடித்து அளக்க வேண்டும். மாமிக்கு 102 செ.மீ, மாமாவுக்கு 108. சராசரி 105. பாயில் சம்மணமிட்ட பேரனுக்கு 60-தான். அதே பாயில் அவன் அம்மா உட்கார்ந்தால் 70.

நம் கண் ஓய்வாக இருக்கும்போது பார்வை நேர்க்கோட்டுக்குச் சற்றுக் கீழேதான் விழும். மேலே பார்க்கத்தான் தசைகளுக்கு வேலை. அதனால் திரையின் நடுப்பகுதி கண்ணுக்கு நேராகவோ, கொஞ்சம் கீழாகவோ இருப்பது சுகம். மேலே போனாலும், நடுப்பகுதி 15 டிகிரிக்கு மேல், அதாவது ஒன்றரை முஷ்டி உயரத்துக்கு மேல் போகக் கூடாது.

அந்த டி.வி-யின் நடுப்பகுதி தரையிலிருந்து 156 செ.மீ-யில் இருந்தது. சோபாவிலிருந்து பார்த்தால் கண்ணுக்கு மேலே 51 செ.மீ. 265 செ.மீ தூரத்தில் அது சுமார் 11 டிகிரி. எல்லைக்குள்தான் இருக்கிறது, ஆனால் மேல் விளிம்பு 18 டிகிரியைத் தொடுகிறது. இரண்டரை மணி நேரக் கச்சேரிக்கு அது போதும், கழுத்தைப் பிடிக்க. பாயில், ஆறடி தூரத்தில் உட்கார்ந்த அம்மாவுக்கோ நடுப்பகுதியே 25 டிகிரிக்கு மேல், மேல் விளிம்பு 33. தியேட்டரில் முதல் வரிசை டிக்கெட் எடுத்த கதை. பேரன் ஏன் மல்லாக்கப் படுக்கிறான் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் இல்லை. குழந்தைகள் கழுத்து வலிக்கிறது என்று சொல்ல மாட்டார்கள், படுத்துவிடுவார்கள்.

மாமியின் கண் உறுத்தலுக்கும் இதில் பங்கு உண்டு. மேலே பார்க்கும்போது இமைகள் அகலமாகத் திறக்கின்றன. கண்ணின் அதிகப் பரப்பு காற்றில் படுகிறது, கண்ணீர்ப் படலம் சீக்கிரம் உலர்கிறது. ஏ.சி-யும் ஓடினால் கேட்கவே வேண்டாம். கீழ்நோக்கிப் பார்க்கும்போது இமை பாதி மூடி, கண்ணைக் காக்கிறது.

"டி.வி-யைக் கொஞ்சம் கீழ்ப்பக்கமா சாய்ச்சுட்டா சரியாயிடாதா?" என்று மாமா கேட்டார். பலரும் கேட்பது இது. சாய்த்தால் படத்துக்கு நல்லது. சில திரைகள் கீழிருந்து பார்க்கும்போது வெளுத்துத் தெரியும், அது குறையும். விட்டத்து விளக்கின் பிரதிபலிப்பும் விலகும். ஆனால், டி.வி எவ்வளவு குனிந்தாலும் உங்கள் கழுத்து நிமிர்ந்தே ஆக வேண்டும். உயரத்துக்குச் சாய்வு மருந்தல்ல.

இறக்கிய கதை

முதலில் பழைய செய்தித்தாள்களை ஒட்டி, 122-க்கு 69 செ.மீ அளவில் ஒரு 'காகித டி.வி' செய்தோம். பெயின்ட்டைப் பிய்க்காத மாஸ்கிங் டேப்பால், பக்கத்தில் காலியாக இருந்த சுவரில் ஒட்டி, ஒரு மாலை முழுவதும் அப்படியே விட்டோம். சோபாவில், பாயில், சாப்பாட்டு மேஜை நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார்கள். நடுப்பகுதி 100 செ.மீ-யில் எல்லோருக்கும் பிடித்திருந்தது.

ஆனால், சுவிட்ச் போர்டு 122-லிருந்து 138 செ.மீ வரை இருந்தது. நடு 100 என்றால் திரையின் மேல் விளிம்பு 135-க்கு வெகு அருகில் முடிகிறது. போர்டு மூன்று நான்கு சென்டிமீட்டர் மேலே எட்டிப் பார்க்கும். போர்டை இறக்குவதென்றால் சுவரில் காடி வெட்டி, பூசி, பெயின்ட் அடிக்க வேண்டும். ஆகவே ஐந்து சென்டிமீட்டர் ஏற்றி, நடுவை 105-ல் வைத்தார்கள். மாமா-மாமியின் சராசரிக் கண்மட்டமும் அதுவே. கீழ் விளிம்பு 70 செ.மீ. பாயில் இருக்கும் அம்மாவுக்கு நடுப்பகுதி இப்போது 11 டிகிரிதான்.

துளை எங்கே போடுவது? இங்கேதான் பலரும் ஏமாறுவார்கள். பிராக்கெட்டின் நடுவும் திரையின் நடுவும் ஒன்றல்ல. டி.வி-யின் பின்னால் திருகாணித் துளைகள் பெரும்பாலும் நடுவுக்குக் கீழே இருக்கும். பிராக்கெட்டைக் கண்மட்டத்தில் பொருத்தினால் திரை அதற்கு மேலே ஐந்து, பத்து சென்டிமீட்டர் ஏறி நிற்கும். தப்பாத வழி ஒன்று இருக்கிறது. கட்டிலில் மெத்தைமேல் போர்வை விரித்து, டி.வி-யை இருவராகப் பிடித்துக் குப்புறப் படுக்க வையுங்கள். பின்னால் கொக்கிகளைத் திருகி, சுவரில் பொருத்த வேண்டிய தகட்டையும் அதிலேயே மாட்டிப் பாருங்கள். டி.வி-யின் கீழ் விளிம்பிலிருந்து தகட்டின் துளை வரை அளந்துகொள்ளுங்கள். இந்த டி.வி-யில் 34 செ.மீ வந்தது. கீழ் விளிம்பு 70-ல் வர வேண்டும். 70-உம் 34-உம் 104. சுவரில் 104 செ.மீ-யில் பென்சில் கோடு, அதன்மேல் நீர்மட்டக் குழாய், பிறகு டிரில்.

போர்டுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் டிரில் போடக் கூடாது. சுவருக்குள் ஒயர் பைப் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் செல்லும். இங்கே தகட்டின் துளைகளை ஒரு பக்கமாக நகர்த்திப் போட்டார் அந்தத் தம்பி. மெயினையும் அணைத்துவிட்டார்.

டிரில் போடும்போது விழும் தூளைக் கவனியுங்கள். சிவப்பாக இருந்தால் செங்கல். சாதாரணப் பிளக்கும் திருகாணியும் 15 கிலோ டி.வி-யைத் தாங்கும். வெள்ளையாக மாவு போல், டிரில் வெண்ணெயில் இறங்குவது போல் இறங்கினால் அது புதிய கட்டடங்களில் வைக்கும் லேசான பிளாக். அதற்கென்று விற்கும் நீளமான பிளக் வேண்டும். பழைய வீடுகளில் பூச்சு கனமாக இருக்கும். பிளக் பூச்சிலேயே நின்றுவிட்டால் சில மாதங்களில் தகடு சுவரிலிருந்து லேசாக விலகும். மேல் பக்கத்தில் ஒரு விசிட்டிங் கார்டு நுழைகிற இடைவெளி தெரிந்தால் டி.வி-யை உடனே இறக்கிவிடுங்கள்.

எல்லாம் சரியாக அமைந்து, டி.வி-யை மாட்டப் போனால் மாட்டவில்லை. அசையாத வகைப் பிராக்கெட் சுவரிலிருந்து மூன்று நான்கு சென்டிமீட்டர்தான் தள்ளி நிற்கும். போர்டில் செருகிய மூன்று முனைப் பிளக் அதைவிட அதிகமாக நீட்டிக்கொண்டிருந்தது. போர்டைத் திரைக்குப் பின்னால் ஒளிக்க நினைப்பவர்கள் இதை முன்கூட்டியே பார்த்துவிடுவது நல்லது. பக்கவாட்டில் வளைந்த தட்டையான பிளக் வாங்கி வந்த பிறகே வேலை முடிந்தது. பழைய நான்கு துளைகளும் புட்டி வைத்துத் தேய்க்கப்பட்டு, இன்னும் பெயின்ட் அடிக்கப்படாமல் சுவரில் இருக்கின்றன.

சில வீடுகளில் கணக்கு மாறும்

ரிக்ளைனர் நாற்காலியில் சாய்ந்தே பார்ப்பவர்களுக்கு முகமே மேல்நோக்கி இருக்கும். அவர்களுக்குக் கண்மட்டத்தில் இருக்கும் டி.வி தாழ்வு. கோடு இல்லாத மல்ட்டிஃபோகல் கண்ணாடி போட்டவர்களுக்கு இது இன்னும் தொல்லை: சாய்ந்தபடி கண்ணைத் தாழ்த்தினால், பார்வை கண்ணாடியின் படிக்கும் பகுதி வழியாகப் போய்ப் படம் மங்கும். திரையை 15, 20 செ.மீ ஏற்றினால் சரியாகும். படுக்கையறையில் தலையணையில் சாய்ந்து பார்ப்பதற்கும் உயரமும் லேசான சாய்வும் தேவை. அங்கே மட்டும் நான்கடி கீழ் விளிம்பு நியாயம்.

ஊஞ்சல் இருக்கும் ஹாலில் ஊஞ்சலுக்காக டி.வி-யை ஏற்ற வேண்டாம். அதில் உட்கார்ந்தவரின் கண் சோபாவைவிடப் பத்து சென்டிமீட்டர்தான் உயரம்; கீழ்நோக்கிப் பார்ப்பது சிரமமில்லை. கைக்குழந்தை இருக்கும் வீட்டில் 70 செ.மீ கீழ் விளிம்பு என்றால் திரையெல்லாம் கைரேகைதான். அதற்காக நான்கடிக்கு ஏற்றுவதைவிட, டி.வி-க்குக் கீழே ஓரடி ஆழமுள்ள பெஞ்சு ஒன்றைப் போட்டுவிட்டால் குழந்தையின் கை அவ்வளவு சுலபமாக எட்டாது. பெஞ்சில் ஏறுகிற வயது வரும்வரைக்குமாவது. செட்-டாப் பாக்ஸ் வைக்கவும் இடமாயிற்று.

டி.வி-க்கு நேர் மேலே ஸ்பிளிட் ஏ.சி மாட்டியிருக்கிறீர்களா? தண்ணீர்க் குழாய் அடைத்தால் முதலில் நனைவது டி.வி-யின் பின்புறம்தான். இந்த ஒரு விஷயத்தில் மட்டும், இறக்குவதைவிட இடம் மாற்றுவதைப் பற்றி யோசியுங்கள்.